முதல் ஊசிக்கு முன் ஒரு டப்பா சிறுநீர்

மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கும், எங்கள் தாலுகா அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் அவர்களுக்கும், வணக்கம்.

அரசு ஆய்வகம் ஒன்றில் நுட்பநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் அண்ணிக்குச் சென்ற மாதம் நேர்ந்தது உங்கள் இருவருக்கும் தெரியும். மனு கொடுத்தேன், "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்தது. ஆகவே இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: சிறுநீரகத் தொற்று என்று சந்தேகம் வந்தால், முதல் ஆன்டிபயாடிக் ஊசியைப் போடுவதற்கு முன், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குச் சிறுநீர் எடுங்கள். இரவானாலும் எடுங்கள், ஞாயிறானாலும் எடுங்கள்.

அண்ணி சர்க்கரை நோயாளி. ஜவுளிக்கடையில் வேலை. நீர் பிரியும்போது எரிகிறது என்றதும் வீட்டில் "சூடு" என்றார்கள். இளநீர், வெந்தயம் எல்லாம் ஆயிற்று. பிறகு மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரையில் பாதி அட்டையை வெட்டிக் கொடுத்தார்கள். சிறுநீர்ப்பையில் மட்டும் தொற்று இருந்தால் அது நல்ல மருந்துதான். ஆனால் அது சிறுநீரில் சேரும் அளவுக்குச் சிறுநீரகத் திசுவில் சேர்வதில்லை. கீழே எரிச்சல் குறைந்தது போலிருக்க, கிருமி மேலே ஏறிவிட்டது. கட்டில் ஆடும் அளவுக்கு நடுக்கம், 103 டிகிரி காய்ச்சல், வாந்தி. வலது பக்கம், கடைசி விலா எலும்பு முதுகெலும்போடு சேரும் மூலையில் கை வைத்தாலே துள்ளினார்.

சனிக்கிழமை இரவு உங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தோம். குளிர்காய்ச்சல் என்று சொன்னவுடன் டெங்குவுக்கும் டைஃபாய்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள். எரிச்சலைப் பற்றி நாங்களாகச் சொன்ன பிறகுதான் சிறுநீரைப் பார்த்தார்கள். சீழ் அணுக்கள் நிறைய இருந்தன. பணியில் இருந்த இளம் மருத்துவர் நோயைச் சரியாகவே கண்டுபிடித்தார், செஃப்ட்ரியாக்சோன் ஊசியையும் உடனே எழுதினார். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. இந்த நோயில் ஊசியைத் தாமதப்படுத்தினால் கிருமி இரத்தத்தில் கலந்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் கல்ச்சருக்குச் சிறுநீர் எடுக்க எத்தனை நிமிடம் ஆகும்? கேட்டேன். "லேப் திங்கட்கிழமைதான் சார், டப்பாவும் இல்லை" என்றார் செவிலியர்.

திங்கட்கிழமை எடுத்தார்கள். முடிவு: "வளர்ச்சி இல்லை." வேறு எப்படி வரும்? ஊசி இறங்கிய உடம்பில் சிறுநீரில் இருக்கும் கிருமி தட்டில் வளராத அளவுக்கு ஒடுங்கிவிடக்கூடும். சிறுநீரகத்துக்குள் இருப்பது ஒடுங்கியதாக அதற்கு அர்த்தமில்லை. சரியான மருந்தாக இருந்தால் பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். அண்ணிக்கு இறங்கவில்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினீர்கள். அங்கே முதலில் ஸ்கேன் எடுத்தார்கள். கல் அடைத்திருந்தாலும் சீழ் கட்டியிருந்தாலும் மருந்து மட்டும் போதாது, வடிகுழாய் வைத்து வெளியேற்ற வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் பயம் இன்னும் அதிகம். நல்லவேளை, அடைப்பு இல்லை, சீழ் இல்லை, வலது சிறுநீரகம் வீங்கியிருந்தது. அப்படியானால் மருந்துக்குக் கிருமி அடங்கவில்லை என்றுதான் எண்ண வேண்டும். எந்தக் கிருமி? எதற்கு அடங்கும்? தாளில் "வளர்ச்சி இல்லை."

ஊகித்துத்தான் மெரோபெனெம் என்ற இன்னும் வலுவான ஆன்டிபயாடிக்கைத் தொடங்கினார்கள். அந்த ஊகத்தையும் தப்பென்று சொல்ல முடியாது. இந்த நோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஈ.கோலை என்ற குடல் கிருமி. ஐ.சி.எம்.ஆர். ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகளில், பெரிய மருத்துவமனைகளில் கிடைக்கும் ஈ.கோலையில் பெரும்பகுதி செஃப்ட்ரியாக்சோன் வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை. காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது.

உண்மையான தண்டனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. காய்ச்சல் விட்டு, வாந்தி நின்று, சாப்பிடத் தொடங்கிவிட்டால், இந்த நோயாளியை மாத்திரைக்கு மாற்றி வீட்டுக்கு அனுப்பலாம். மீதி நாள்களை வீட்டிலேயே முடிக்கலாம். ஆனால் எந்த மாத்திரை? சிப்ரோஃப்ளாக்சசினா, கோட்ரைமாக்சசோலா? கல்ச்சர் முடிவு இருந்தால் மருத்துவர் ஒரு வரியில் எழுதியிருப்பார். இல்லாததால் எழுதப் பயந்தார், பயந்ததும் நியாயம். மெரோபெனெம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற வேண்டிய மருந்து. ஆகவே, நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு பெண், காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று மூன்று ஊசிக்காகப் பத்து நாள் வார்டில் கிடந்தார். கையில் ஊசி குத்திய நரம்பு வீங்கும்போதெல்லாம் அடுத்த நரம்பைத் தேடினார்கள். கடைசியில் முழங்கைக்கு மேலே போய்விட்டார்கள். பிளஸ் டூ தேர்வு எழுத வேண்டிய மகள் வார்டு வராந்தாவில் பாய் விரித்துப் படித்தாள். கடையில் அந்த மாதச் சம்பளம் பிடித்தம் ஆனது. அந்தப் படுக்கைக்காக வெளியே எத்தனை பேர் காத்திருந்தார்களோ, அந்தக் கணக்கு உங்களிடம்தான் இருக்கும்.

இத்தனைக்கும் மூலகாரணம், சனிக்கிழமை இரவு ஒரு டப்பா இல்லாதது.

ஜவுளிக்கடை பற்றியும் ஒரு வார்த்தை. கடைப் பணியாளர்கள் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து நீரை அடக்கிக்கொண்டிருக்கலாம். கழிப்பறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் கெஞ்ச வேண்டிய கடைகளில், பெண்கள் தண்ணீரே குடிக்காமல் பொழுதைப் போக்குகிறார்கள். இது உங்கள் துறை இல்லை என்று தெரியும். தொழிலாளர் துறையிடம் சொன்னால் அவர்கள் சுகாதாரத் துறை என்பார்கள். போகட்டும்.

என் கோரிக்கைக்கே வருகிறேன். புதிய கட்டடம் வேண்டாம், எந்திரம் வேண்டாம். அவசரப் பிரிவு மேசையில் கிருமி நீக்கிய, மூடியுள்ள டப்பாக்கள் இருக்கட்டும். சுத்தம் செய்துகொண்டு, முதலில் வரும் நீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் செவிலியர் சொல்லித் தரட்டும். பெயர், தேதி, எடுத்த நேரம் எழுதி ஒட்டட்டும். அறை வெப்பத்தில் கிருமி மணிக்கணக்கில் பெருகி முடிவைக் கெடுத்துவிடும் என்பதால், உடனே 4 டிகிரி குளிரில் வைக்கட்டும். 24 மணி நேரம் வரை தாங்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆய்வகத்தில் ஞாயிற்றுக்கிழமையும் தட்டில் போட ஒருவர் இருக்கட்டும். உங்கள் அவசரப் பிரிவில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது; அன்றிரவு அதில் இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு டிபன் பாக்ஸும் இருந்ததைப் பார்த்தேன். சாப்பாட்டோடு மாதிரியை வைக்கக் கூடாது. மாதிரிக்கென்று சிறிய பெட்டி ஒன்று தேவைப்படும். அதை வாங்கித் தர எங்கள் தெருக்காரர்கள் தயார்.

முடிவு வர இரண்டு நாள் ஆகும். அது வந்ததும் மருத்துவரின் கைக்குப் போக வேண்டும், பதிவேட்டோடு நின்றுவிடக் கூடாது. இதையும் ஆணையில் சேர்த்துவிடுங்கள்.

கடிதத்தில் எங்காவது சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் ஊசிக்கு முன் கல்ச்சருக்குச் சிறுநீர் எடுக்க வேண்டும் என்று ஒரு பக்க ஆணை பிறப்பித்து, அதன் நகலை அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்