கடலோர நகரங்களில் ஓட்டப் பந்தயம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். நான் உடலியங்கியல் சொல்லித்தரும் ஆசிரியன். வாரக் கடைசியில் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவனும்கூட. "காலை 5 மணிக்கே தொடங்கிவிடுவோம், வெயில் தொல்லை இல்லை" என்று அறிவிக்கிறீர்கள். வெயில் இருக்காதுதான். ஆனால் அடுப்பு ஓடுகிறவரின் தொடைக்குள் அல்லவா இருக்கிறது!

தசை செலவழிக்கும் ஆற்றலில் கால் பங்குகூட இயக்கமாக மாறுவது அரிது, மிச்சமெல்லாம் சூடு. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 600 கிலோ கலோரி செலவாகும். அதில் 450-ஆவது வெப்பமாகும். அவர் உடம்பை ஒரு டிகிரி சூடேற்ற 50 கிலோ கலோரி போதும். அந்தச் சூடு வெளியேற வழியில்லை என்றால் ஏழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். இருபது நிமிடத்தில் 40 டிகிரி.

அப்படி ஆகாமல் காப்பது இரத்தமும் வியர்வையும். இரத்தம் தசையின் சூட்டைத் தோலுக்குச் சுமந்து வருகிறது, அங்கே வியர்வை ஆவியாகி அதை எடுத்துப்போகிறது. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி போய்விடும். நம் ஓட்டக்காரருக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் போதும், ஆனால் அத்தனையும் ஆவியாக வேண்டும். சொட்டி விழும் வியர்வையால் ஒரு பயனும் இல்லை. கடலோரத்தில் ஈரப்பதம் பெரும்பாலும் விடியலில்தான் உச்சத்தில் இருக்கும். பனியன் பிழியப் பிழிய நனைந்திருந்தும் உடம்பு குளிராதது அதனால்தான்.

அப்புறம் தோலுக்கு இன்னும் அதிக இரத்தம் போகிறது, வியர்வையால் இரத்தத்தின் நீரும் குறைகிறது. தசையும் தோலும் ஒரே இரத்தத்துக்குப் போட்டியிட, இதயம் வேகமாகத் துடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. அதே வேகத்தில் ஓடியும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போனால், வேகத்தைக் குறைக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் இதைத் தொடக்கக் கோட்டிலேயே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். சொந்தச் சாதனையை முறியடிக்கும் நாள் அதுவல்ல.

இன்னொன்று. தள்ளாடி, பேச்சு குழறி விழுகிறவரின் நெற்றி ஈரமாக, சில்லென்று இருக்கலாம். நெற்றியில் காட்டும் வெப்பமானியை நம்பி "காய்ச்சல் இல்லை" என்று உட்கார வைத்துவிடாதீர்கள். உள்வெப்பத்தை அங்கே நம்பகமாகக் காட்டுவது ஆசனவாயில் வைக்கும் வெப்பமானிதான். அது 40 டிகிரியைத் தாண்டி, அவரும் தடுமாறினால் வெப்பத்தாக்கு. ஆம்புலன்ஸ் வரட்டும், அதற்குள் அவரைக் கழுத்துவரை பனிக்கட்டி நீர்த்தொட்டியில் இறக்கி, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு குளிர்விக்க வேண்டும். வெப்பம் 39 டிகிரிக்கு அருகே இறங்கிய பிறகுதான் பயணம்.

அடுத்த பந்தயத்தில் மருத்துவக் கூடாரத்துக்குள் அந்தத் தொட்டி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பந்தயங்களில் ஓடும் ஒருவன்