எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏன் அந்த மாத்திரை?

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தலைமை ஆசிரியர் பொறுப்பை ஏற்றிருக்கிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். நான் இன்னும் அதே ஆய்வகத்தில்தான் இருக்கிறேன். முதுகுவலி வந்துபோகிறது என்பதைத் தவிர என் பக்கத்தில் புதிய செய்தி எதுவும் இல்லை. ஆகவே நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கே இந்தக் கடிதம் முழுவதையும் செலவிடுகிறேன். மூன்றாம் வகுப்பில் படிக்கும் அந்தச் சிறுமிக்கு ஹீமோகுளோபின் 8.6 கிராம் அளவுக்கு இறங்கியது எப்படி என்பது முதல் கேள்வி. நோயே இல்லாத பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை புழு மாத்திரை கொடுப்பது சரிதானா என்பது இரண்டாவது.

அவளுடைய மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு, உருளைப்புழு ஆகிய இரண்டின் முட்டைகளும் இருந்தன என்று எழுதியிருந்தாய். ரத்தசோகைக்குக் காரணம் இவற்றில் முதலாவதுதான். உருளைப்புழு ஒரு சாண் நீளத்துக்கு மேலும் வளரும். சில வேளைகளில் மலத்தோடு வெளியேறி வீட்டாரைப் பதறவைக்கும். ஆனால் அது ரத்தம் குடிப்பதில்லை. சிறுகுடலில் மிதந்தபடி குழந்தை உண்ணும் உணவில் பங்கு எடுத்துக்கொள்கிறது, வைட்டமின் ஏ உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது, எண்ணிக்கை மிகுந்தால் குடலையே அடைத்துவிடுகிறது. கொக்கிப்புழுவோ ஒரு சென்டிமீட்டர் அளவேயான மெல்லிய புழு. அது குடல் சுவரைக் கவ்வி, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் சுரந்து, ரத்தத்தை உறிஞ்சுகிறது. கவ்விய இடத்தை அடிக்கடி மாற்றிக்கொள்வதால், விட்டுவந்த காயத்திலிருந்தும் சிறிது நேரம் ரத்தம் கசிகிறது. இவ்வளவு செய்தும் அது வெளியே தலைகாட்டுவதே இல்லை. “மலத்தில் புழு எதுவும் வரவில்லையே” என்று அந்தத் தாய் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதை வைத்துக் கொக்கிப்புழு இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உனக்குத் தெளிவாகும். கொக்கிப்புழுவில் மனிதரைப் பெரும்பாலும் தாக்கும் வகைகள் இரண்டு. அவற்றுள் சாதுவான நெக்கேட்டர் வகையில் ஒரு புழு நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் ரத்தத்தை இழக்கச் செய்கிறது. ஆன்சைலோஸ்டோமா வகை அதைப்போல் ஐந்து மடங்குக்குக் குறையாமல் இழக்கச் செய்கிறது. அச்சிறுமியின் குடலில் சாதுவான வகையே 100 புழுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மில்லிலிட்டர், மாதத்துக்கு 90 மில்லிலிட்டர் போகிறது. 22 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 1650 மில்லிலிட்டர்தான். போன ரத்தத்தின் நீர்ப்பகுதியை உடல் விரைவில் ஈடுசெய்துவிடும். இரும்புச்சத்தை அப்படி ஈடுசெய்ய முடியாது. ஹீமோகுளோபின் 12 கிராமாக இருந்த காலத்தில் அந்த 3 மில்லிலிட்டரோடு ஏறத்தாழ 1.2 மில்லிகிராம் இரும்பு போயிருக்கும். அதில் ஒரு பகுதி குடலின் கீழ்ப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டாலும் பெரும்பகுதி வெளியேறிவிடுகிறது. அந்த வயதில் உணவிலிருந்து உடல் நாள்தோறும் உறிஞ்சிக்கொள்வதே 1 மில்லிகிராமை ஒட்டித்தான் என்பதால், வரவு முழுவதையும் செலவு தின்றுவிடுகிறது. ஆரம்பத்தில் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருந்த சேமிப்பு கரைகிறது. அந்தக் கட்டத்தில் ஹீமோகுளோபின் ஓரளவு சரியாகவே காட்டும். சேமிப்பு தீர்ந்த பிறகுதான் அது இறங்கத் தொடங்கும். நிதானமாக இறங்குவதால் குழந்தையும் அதற்குப் பழகி, மூச்சு வாங்கினாலும் யாரிடமும் சொல்லாமல், ஓடாமல் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறாள். ஆசிரியர்கள் அவளை மந்தமானவள் என்கிறார்கள்.

அவள் சாக்குக்கட்டியும் மண்ணும் தின்கிறாள் என்று எழுதியிருந்தாயே, அது பெரும்பாலும் இரும்புக் குறைவின் விளைவு. அந்த மண்ணோடு உருளைப்புழுவின் முட்டைகளும் வயிற்றுக்குள் போகின்றன. கொக்கிப்புழு வரும் வழி வேறு: ஈரமண்ணில் பொரித்த, குடம்பிகள் எனப்படும் அதன் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைந்து, ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றன.

இனி உன் இரண்டாவது கேள்வி. பரிசோதித்து, புழு உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்தால் என்ன என்கிறாய். நுண்ணோக்கியின் முன் காலம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் பரிசோதனை நீ நினைக்கும் அளவுக்கு நம்பகமானதல்ல. புழுக்கள் குறைவாக இருக்கும் குழந்தையின் மாதிரியில் முட்டை அகப்படாமலே போகலாம். வழக்கமான தடிப்பூச்சு முறையில் தயாரித்த கண்ணாடித் தகட்டை ஒரு மணி நேரத்துக்குள் பார்க்காவிட்டால், கொக்கிப்புழு முட்டைகள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். காலையில் தயாரித்ததை மாலையில் பார்ப்பவர் ‘இல்லை’ என்றே எழுதுவார். ஒரு பிள்ளையின் மலத்தைப் பரிசோதிக்க ஆகும் செலவு மாத்திரையின் விலையைவிடப் பல மடங்கு அதிகம். மாத்திரையோ பாதுகாப்பானது. புழு இல்லாத குழந்தைக்கு அதனால் தீங்கு வருவது அரிது. புழு மிகுதியாக உள்ள குழந்தைக்குச் சில மணி நேரம் வயிற்றுவலியோ குமட்டலோ வரலாம். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம், குழந்தைகளில் 20 விழுக்காட்டினருக்கு மேல் தொற்று உள்ள இடங்களில் ஆண்டுக்கு ஒருமுறையும், 50 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களில் இருமுறையும், பரிசோதிக்காமலே அனைவருக்கும் கொடுக்கச் சொல்கிறது.

திரும்பத் திரும்பக் கொடுப்பதற்குக் காரணம், அந்த மாத்திரையில் உள்ள 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மருந்து அன்று குடலில் இருக்கும் புழுக்களைத்தான் தாக்குகிறது என்பது. ஒரே வேளை மருந்தில் உருளைப்புழு அநேகமாக முற்றிலும் போய்விடும். கொக்கிப்புழு பத்தில் எட்டுக் குழந்தைகளிடம் நீங்கும், மற்றவர்களிடம் எண்ணிக்கை குறையும். மண்ணில் கிடக்கும் முட்டைகளையும் குடம்பிகளையும் மருந்து தொடுவதில்லை. உருளைப்புழு முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். ஆகவே கழிப்பறையும் காலணியும் வராத இடத்தில் சில மாதங்களில் தொற்று திரும்பிவிடும். அதுவரை புழுக்களின் எண்ணிக்கையைத் தாழ்த்தி வைப்பதே பள்ளித் திட்டத்தின் நோக்கம். இதற்கு ஓர் எல்லையும் உண்டு. கொக்கிப்புழுவை அதிகம் சுமப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள் என்பதால், பள்ளியில் மட்டும் மருந்து கொடுத்து ஊரில் அதன் பரவலை நிறுத்திவிட முடியாது. அனைவருக்கும் கொடுப்பதால் ஒரு பள்ளியின் சராசரி ஹீமோகுளோபின் பெரிதாக உயர்ந்துவிடுமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. புழுச்சுமை மிகுந்த சில பிள்ளைகளுக்கே பலன் அதிகம் என்பது என் எண்ணம்.

மாத்திரை நாளன்று சிறு பிள்ளைகளை உன் கண்ணெதிரே மென்று விழுங்கச் சொல். மெல்ல மாட்டாத குழந்தைக்குப் பொடித்து நீரில் கலந்து கொடு, அழுதுகொண்டிருக்கும்போது வாயில் திணிக்க வேண்டாம், புரையேறிவிடும். காய்ச்சலோடு வந்த பிள்ளைக்கு வேறொரு நாளில் கொடுக்கலாம்.

அச்சிறுமிக்கு இந்த மாத்திரை மட்டும் போதாது. அது கசிவை அடைக்கும். இழந்த இரும்பைத் திருப்பித் தராது. மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மருந்தை மூன்று மாதம் விடாமல் கொடுக்கச் சொல். மலம் கறுப்பதைப் பார்த்துத் தாய் பயந்து நிறுத்திவிடாமல் இருக்க, அது மருந்தின் நிறம்தான் என்று முன்கூட்டியே சொல்லிவை. ஒரு மாதம் கழித்து ரத்தத்தைப் பரிசோதித்தால் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராமாவது கூடியிருக்க வேண்டும். அப்படிக் கூடவில்லை என்றால், மருந்து ஒழுங்காக உள்ளே போகவில்லை, அல்லது ரத்தசோகைக்கு வேறு காரணமும் இருக்கிறது; அப்போது மருத்துவரிடம் மீண்டும் அழைத்துப் போகத் தாமதிக்காதே. முடிவு வந்ததும் எனக்கு எழுது.

அன்புடன்,
ராமநாதன்