புகைபோக்கி நடுவில் முறிந்தது கொத்தனாரின் குற்றமல்ல

ஆசிரியருக்கு,

வணக்கம். பழைய நூற்பாலை ஒன்றின் செங்கல் புகைபோக்கியை இடித்துத் தள்ளும் படத்தைச் சென்ற இதழில் போட்டிருந்தீர்கள். அருமையான படம். சாய்ந்துகொண்டிருக்கும் புகைபோக்கி பாதி உயரத்துக்குக் கொஞ்சம் கீழே முறிந்து, மேல்பகுதி பின்தங்கி நிற்கும் அந்த நொடியைப் படம்பிடிப்பது எளிதல்ல. ஆனால் கீழே இருந்த குறிப்பு என்னை வருத்தியது. "தரையைத் தொடும் முன்பே நடுவில் முறிந்ததிலிருந்து அக்காலக் கட்டுமானத்தின் தரக்குறைவு தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். என் தாத்தா கொத்தனார். சுண்ணாம்புக் காரை அரைத்துச் சுவர் எழுப்பியவர். அவரைப் போன்றவர்கள்மீது விழும் இந்தப் பழி சரியல்ல என்பதற்காகவே எழுதுகிறேன். நேற்று கட்டிய புகைபோக்கியானாலும், உயரமான செங்கல் புகைபோக்கியை அடியில் அறுத்துச் சாய்த்தால் பெரும்பாலும் இப்படித்தான் முறியும்.

இங்கிலாந்தின் போல்டன் ஊரைச் சேர்ந்த ஃப்ரெட் டிப்னா (1938–2004) இப்படிப் பல ஆலைப் புகைபோக்கிகளைச் சாய்த்தவர். வெடிமருந்து வைக்க மாட்டார். விழவேண்டிய பக்கம் அடிச்சுவரின் செங்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்து, பெயர்த்த இடத்தில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுப்பார். அப்புறம் கட்டைகளுக்குத் தீ வைப்பார். முட்டு எரிந்து போனதும் புகைபோக்கி அந்தப் பக்கமாகச் சாயும். மேலே யாரும் எதையும் தொடுவதில்லை, வெடி எதுவும் வெடிப்பதில்லை. அப்படி இருந்தும் பாதி வழியில் ஏன் முறிய வேண்டும்?

முதலில் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலத்தில் ஒவ்வொரு வருடமும் இதைச் செய்து காட்டுவேன். ஒரு மீட்டர் மர ஸ்கேலை மேசைமேல் வையுங்கள். பூஜ்ஜிய முனை நழுவாதபடி ஒரு செங்கல்லில் முட்டி நிற்கட்டும். 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஸ்கேல்மேல் ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்குங்கள். மறுமுனையை ஒரு சாண் உயர்த்திப் பிடித்து, சட்டென்று விட்டுவிடுங்கள். கைப்பேசியில் ஸ்லோமோஷனில் எடுத்துப் பார்த்தால் 10 முதல் 60 வரையுள்ள நாணயங்கள் ஸ்கேலோடு ஒட்டியபடியே இறங்கும். 80லும் 90லும் இருப்பவை ஸ்கேலை விட்டுப் பிரிந்து அந்தரத்தில் தெரியும். 70இல் இருப்பது மயிரிழை இடைவெளியோடு வரும். முனைப் பக்கத்தில் ஸ்கேல் நாணயத்தைவிட வேகமாகக் கீழே போகிறது! நாணயத்தை இழுப்பது புவியீர்ப்பு மட்டும்தான். ஸ்கேலின் முனையையோ ஸ்கேலின் மற்ற பகுதியும் சேர்ந்து தள்ளுகிறது.

எல்லை சரியாக மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் இருப்பதற்குக் கணக்கு உண்டு. அடியிலிருந்து உச்சிவரை ஒரே தடிமனான புகைபோக்கியின் எடை முழுவதும் பாதி உயரத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். நீளம் L, நிறை M, செங்குத்திலிருந்து சாய்ந்த கோணம் θ என்றால், அடியைச் சுற்றி எடை தரும் திருப்பு விசை Mg(L/2) sin θ. அடியைச் சுற்றிய நிலைமத் திருப்புத்திறன் ML²/3. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கோண முடுக்கம் கிடைக்கிறது:

α = (3g/2L) sin θ

முறியாத வரை முழுப் புகைபோக்கிக்கும் இந்த ஒரே α தான். ஆனால் அடியிலிருந்து r உயரத்தில் உள்ள செங்கல் முன்னோக்கி முடுக்கம் அடைவது rα அளவுக்கு. உயரம் கூடக்கூட அதுவும் கூடும். அதே செங்கல்லைத் தனியாக விட்டால் புவியீர்ப்பு அந்தத் திசையில் தரும் முடுக்கம் g sin θ மட்டுமே. இரண்டும் சமமாவது r = 2L/3 என்ற இடத்தில். அதற்கு மேலே உள்ள செங்கல்லுக்குப் புவியீர்ப்பு போதவில்லை, கீழிருந்து தள்ளுதல் வேண்டும். அதற்குக் கீழே உள்ளதோ தனியாக விட்டால் இன்னும் வேகமாகச் சாய்ந்துவிடும், மேலே உள்ளது அதைத் தடுத்து நிறுத்துகிறது. கீழ்ப்பகுதி அவசரப்படுகிறது, மேல்பகுதி தயங்குகிறது. இரண்டையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து வைத்திருப்பது நடுவில் உள்ள காரைதான்.

சரி, மூன்றில் இரண்டு பங்கில்தானே முறிய வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். இல்லை. இந்த இடத்தைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புகைபோக்கியை மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் மனதால் வெட்டுங்கள். மேலே மிஞ்சும் துண்டின் நீளம் 2L/3. அதன் நடுப்புள்ளி, தரையிலிருந்து அளந்தால், சரியாக 2L/3 உயரத்தில் வருகிறது. அதாவது புவியீர்ப்பே போதும் என்று மேலே கண்ட அதே இடம்! ஆகவே இந்தத் துண்டை முன்னே தள்ள வெட்டுவாயில் எந்தப் பக்கவாட்டு விசையும் தேவையில்லை. ஆனால் துண்டு முன்னே நகர்ந்தால் மட்டும் போதாது, α அளவுக்குச் சுழலவும் வேண்டும். எடை துண்டின் நடுப்புள்ளி வழியாகவே செல்வதால், அந்தப் புள்ளியைச் சுற்றி அதனால் எதையும் திருப்ப முடியாது. சுழலத் தேவையான திருப்பு விசை முழுவதையும் வெட்டுவாய்தான் தந்தாக வேண்டும். அதன் அளவு MgL sin θ / 27. வேறு எந்த உயரத்தில் வெட்டினாலும் இதைவிடக் குறைவாகத்தான் வரும். வளைக்கும் விசை உச்சமாவது மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் என்பது இப்படித்தான்.

எந்தப் பக்கம் பிளக்கும் என்பதும் இதிலேயே இருக்கிறது. மேல்துண்டை விழும் திசையில் சுழற்ற வேண்டுமானால், கீழ்ப்பகுதி அதன் முன்விளிம்பைக் கீழே இழுத்து, பின்விளிம்பை மேலே தள்ள வேண்டும். செங்கல் கட்டுமானம் அமுக்கத்தை எவ்வளவோ தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே விரிசல் முன்பக்கத்தில், தரையைப் பார்க்கும் பக்கத்தில், வாய் திறக்கும். மேல்பகுதி பின்னோக்கி மடிந்து நிற்கும்.

இனி உண்மையான அளவுகளோடு பார்ப்போம். உயரம் 60 மீட்டர், வெளிவிட்டம் 4 மீட்டர், சுவர் அரை மீட்டர் தடிமன் என்று ஒரு புகைபோக்கியை எடுத்துக்கொள்கிறேன். செங்கல் கட்டுமானம் கன மீட்டருக்கு 1.8 டன் என்றால் மொத்தம் கிட்டத்தட்ட 600 டன். அது 15 டிகிரி சாய்ந்த நேரத்தில் 20 மீட்டர் உயரத்தில் வளைக்கும் விசை சுமார் 340 டன்-மீட்டர். இதனால் அங்கே முன்விளிம்பில் சதுர சென்டிமீட்டருக்கு 8 கிலோ இழுப்பு. ஆனால் மேலே உள்ள எடை அதே இடத்தை 6.5 கிலோ அமுக்குகிறது. மிச்சம் ஒன்றரை கிலோ இழுப்பு. 27 மீட்டர் உயரத்துக்குப் போனால் வளைவால் வரும் இழுப்பு 7.3 ஆகக் குறைகிறது. ஆனால் மேலே உள்ள எடையும் குறைவதால் அமுக்கம் 5.3 தான். மிச்சம் 2 கிலோ. வளைவு உச்சமாக இருப்பது 20 மீட்டரில், நிகர இழுப்பு உச்சமாக இருப்பதோ 27 மீட்டரில்!

பழைய காரை இழுப்பைத் தாங்குவது சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோ அளவில்தான். காரை 2 கிலோ தாங்கும் என்று வைத்தால், இந்தப் புகைபோக்கி 15 டிகிரி சாய்வில் 27 மீட்டர் உயரத்தில் முறியும். நல்ல சிமென்ட் கலவை போட்டு நாலரை கிலோவுக்கு மேல் தாங்குமாறு கட்டினால் என்ன ஆகும்? முறிவு 20 டிகிரி வரை தள்ளிப்போகும், இடம் 25 மீட்டர் அளவுக்கு இறங்கும். அவ்வளவுதான். தரம் கூடினால் முறியும் நேரமும் இடமும் சற்று மாறும், முறிவு நிற்காது. உங்கள் படத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே முறிந்திருப்பது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

நான் எடுத்துக்கொண்டது நேரான உருளை. நிஜப் புகைபோக்கிகள் மேலே போகப் போகக் குறுகும், சுவரும் மெலியும், அதனால் இடம் கொஞ்சம் மாறும். குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பவை அடிக்குப் பக்கத்திலேயே நறுக்கு விசையால் வெட்டுப்பட்டுப் போகலாம். ஒரே வடிவத்தில் எல்லா அளவையும் இரண்டு மடங்காக்கினால் முன்விளிம்பின் இழுப்பும் இரண்டு மடங்காகும், காரையின் வலு அப்படியே இருக்கும். அதனால்தான் உயரமானவற்றில் இந்த முறிவு இவ்வளவு உறுதியாக நடக்கிறது.

தென்னை மரத்தை அடியில் வெட்டிச் சாய்க்கும்போதும் இதே திருப்பு விசை, இதே கோண முடுக்கம்தான். ஆனால் நல்ல தென்னை நடுவில் முறியாமல் முழுசாக வந்து விழுகிறது. நெடுக ஓடும் நார் இழுப்பைத் தாங்கிக்கொள்கிறது. செங்கல்லுக்கு நார் இல்லை. நின்றுகொண்டிருக்கும் வரை புகைபோக்கிக்கு அது தேவைப்படவும் இல்லை. பல பத்தாண்டுகள் காற்றிலும் மழையிலும் நேராக நிற்க அந்தக் கொத்தனார்கள் கட்டினார்கள், நின்றது. அடியை அறுத்துச் சாய்த்த பிறகு வந்த முறிவை அவர்கள் கணக்கில் எழுதக்கூடாது.

படத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். விரிசல் விழும் பக்கமாகத் திறந்திருக்கிறது, மறுபக்கம் செங்கற்கள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டியிருக்கின்றன. அடுத்த இதழில் அந்தக் குறிப்பை மட்டும் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் இயற்பியல் ஆசிரியர்,
திருப்பூர்.