அத்தைக்கு ஏன் நாற்காலி போட்டீர்கள்?

மதிப்பிற்குரிய குடும்ப நல ஆலோசனை மையத்து ஆலோசகர்களுக்கு,

வணக்கம். என் கோப்பு உங்கள் அலமாரியில்தான் இருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. போன மாதம் என் மாமியாரை ஃபோன் போட்டு வரவழைத்து, "உங்க மருமகள் உங்க மேல புகார் கொடுத்திருக்காங்க" என்றீர்களே, அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் அவர் மேல் புகார் கொடுக்கவில்லை. உங்கள் படிவத்தில் குடி, வரதட்சணை, சந்தேகம், மாமியார் தொல்லை என்று கட்டங்கள் இருந்தன. எதிலும் டிக் அடிக்காமல், "கணவர் எங்கள் முடிவுகளை அவருடைய அம்மாவிடம் கேட்டு மாற்றிவிடுகிறார்" என்று கீழே எழுதினேன். யாரோ அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறதே என்று மாமியார் கட்டத்தில் டிக் போட்டுவிட்டார்கள்.

நடந்தது இதுதான். மகளின் பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம், தண்ணீர் வருகிறதா என்று குழாயைத் திறந்துகூடப் பார்த்தோம். இருவரும் பேசி 10,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். அன்று இரவு என் கணவர் பால்கனிக்குப் போய் ஃபோன் பேசினார். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே வந்து, "அம்மாவுக்கு இஷ்டமில்லை, வேண்டாம்" என்றார். முன்பணம் போனது. பணம்கூடப் பரவாயில்லை. இரண்டு வாரம் நான் பேசியதெல்லாம் ஒரு ஃபோனில் காணாமல் போனதுதான் எனக்குத் தொண்டையில் நின்றது.

உங்கள் அறையில் அத்தை என்ன சொன்னார், நினைவிருக்கிறதா? அழுதுகொண்டே சொன்னார்: "வாசல் தெற்கு பார்த்திருக்குன்னு சொன்னான், யோசிச்சுக்கோப்பான்னேன். ரெண்டு பேரும் பேசி முடிச்சு பணமும் கொடுத்துட்டாங்கன்னு அவன் சொல்லவே இல்லையே!"

முழு விஷயமும் அந்தப் பேச்சில்தான் இருந்தது. முடிந்துபோன ஒன்றை முடியாததுபோல மகன் கேட்கிறார். எந்த அம்மாவும் மனதில் பட்டதைச் சொல்லத்தான் செய்வார். அந்த 'யோசிச்சுக்கோ' எங்கள் வீட்டுக்குள் வரும்போது 'வேண்டாம்' ஆகிவிடுகிறது. மாற்றுவது அத்தையல்ல, நடுவில் நிற்கிற மகன். நீங்கள் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. "பெரியவங்க, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்று என்னிடம் சொல்லி அனுப்பினீர்கள். அத்தை வீடு திரும்பும்வரை ஆட்டோவில் என்னிடம் பேசவில்லை.

அதனால் கேட்கிறேன்: முதல் அமர்வுகளில் கணவன் மனைவி இருவரை மட்டும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

இதைப் பேசுவது எவ்வளவு சிக்கல் என்று உங்களுக்கே தெரியும். தகுந்த காரணமில்லாமல் கணவனைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க மனைவி தொடர்ந்து முயல்வது கொடுமை என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நான் யாரையும் பிரிக்க வரவில்லை. ஆனால் என் குறையை 'மாமியார்' என்று எழுதிவைத்தால், நாளைக்கு அந்தக் காகிதம் என்னைப் பற்றி என்ன சொல்லும்?

நம் ஊரில் மனைவி சொல் கேட்பவனுக்குப் பொண்டாட்டிதாசன் என்று ஒரு பட்டம் உண்டு. அம்மா சொல் கேட்டால் அவன் தங்கமான பையன். தங்கத்தைப் போய்க் குறை சொல்கிற மருமகளை உங்கள் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போடுவீர்களோ! சரி, விடுங்கள். கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன்.

வீட்டில் நானும் முதலில் தப்பாகத்தான் பேசினேன். "எல்லாத்தையும் உங்க அம்மாகிட்ட கேட்காதீங்க" என்றேன். அவர் காதில் 'உங்க அம்மா' மட்டும்தான் விழுந்தது. இரண்டு நாள் பேச்சில்லை. பிறகு ஒருநாள் மகள் தூங்கியதும் வீட்டு விஷயத்தை மட்டும் எடுத்தேன். "அம்மாகிட்ட கேட்கணும்னா நாம முடிவு பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க, நானும் கூட இருக்கேன், ஸ்பீக்கர்ல போடுங்க. முடிவு பண்ணின பிறகுன்னா, கேட்காதீங்க, சொல்லுங்க" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "இதுல அம்மாவைக் குறை சொல்றதுக்கு ஒண்ணுமில்லையே" என்றார். ஆமாம், இல்லை.

மகளின் டியூஷன் விஷயத்தில் அப்படியே செய்தோம். அத்தை ஸ்பீக்கரில், "பக்கத்துத் தெருவிலேயே சேருங்க, இருட்டுல நடக்க வேண்டாம்" என்றார். நல்ல யோசனை, எடுத்துக்கொண்டோம். ஆனால் போன வாரம் வண்டி வாங்கும் பேச்சில் மறுபடி பால்கனிக் கதவு சாத்திக்கொண்டது. பழக்கம் ஒரு மாதத்தில் போகாது. அதற்குத்தான் உங்கள் உதவி தேவைப்படுகிறது.

வரும் 14-ஆம் தேதி காலை 11 மணிக்கு வரச்சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து எங்கள் இருவருக்கு மட்டும் நாற்காலி போடுங்கள். அவர் எப்போது கேட்கிறார், எப்படிக் கேட்கிறார், திரும்பி வந்து என்னிடம் எப்படிச் சொல்கிறார் என்பதை அவரிடமே விசாரியுங்கள். 'மாமியார்' கட்டத்தில் இருக்கும் டிக்கையும் அன்றே அழித்துவிடுங்கள்.

அத்தை அன்று மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஃபோன் செய்ய வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் 'புகார்தாரர்' என்று இருப்பவள்