கேன்சல் பில்லும் கல்லாச் சாவியும்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் மாதங்களைக் கடத்திவிட்டேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். சீனியரிடம் சொன்னால் மறுபடியும் அந்தப் பழைய தஞ்சாவூர் வவுச்சர் கதையை இழுப்பார் என்பதால், இதை உனக்கு எழுதுகிறேன்.

நான்கு மாடி ஜவுளிக்கடை ஒன்றில் பண வரவின் உள்கட்டுப்பாடுகளைப் பரிசீலிக்கும் வேலை வந்தது. காகிதத்தில் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. ஒருவர் துணியைக் காட்டுகிறார், வேறொருவர் பில் போடுகிறார், பணம் கேஷ் கவுண்டரில் வாங்கப்படுகிறது, முத்திரை விழுந்த பில்லைப் பார்த்த பிறகே டெலிவரி கவுண்டரில் பை கைமாறுகிறது. நாம் படித்த பணிப்பிரிப்பு அப்படியே இருக்கிறதே என்று நானும் முதலில் மகிழ்ந்தேன். ஆனால் இந்தப் பிரிவினையெல்லாம் வாடிக்கையாளர் கடையில் இருக்கும் வரைதான். ஷட்டரை இறக்கிய பிறகு எல்லா கவுண்டரின் பணமும் ஹெட் கேஷியரிடம் வருகிறது. பில்லை ரத்து செய்யும் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது. வங்கிச் சலானை எழுதுபவரும், மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பவரும் அவரேதான்.

ஒரு மாதத்து ரத்துப் பில்களை, பில் போட்ட நேரத்தையும் ரத்து செய்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் ரத்தானவை. நிறம் பிடிக்கவில்லை, அளவு மாற வேண்டும் என்பது போன்ற வழக்கமான காரணங்கள். 41 பில்கள் மட்டும் இரவு ஒன்பது மணிக்கு மேல், வாடிக்கையாளர் போய் ஒரு மணி நேரத்துக்கும் அதிகமான இடைவெளியில் ரத்தாகியிருந்தன. நீயாக இருந்தால் அடுத்து என்ன பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆம், 41 பில்லுமே ரொக்கம்! அந்தக் கடையின் விற்பனையில் பாதிக்கும் மேல் கார்டிலும் யுபிஐயிலும் நடக்கிறது. ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை. அப்படி வந்த பணம் நேரே வங்கியில் விழுந்துவிடும், பில்லை ரத்து செய்தால் கணக்கில் உபரி நின்று காட்டிக்கொடுக்கும். ரொக்கத்துக்கு அந்தச் சாட்சி கிடையாது.

வாடிக்கையாளரின் பில் நகல் திரும்பி வந்து இணைக்கப்பட்டிருந்தது ஆறுக்கு மட்டுமே. மீதி 35 எண்களை டெலிவரி கவுண்டர் நோட்டில் தேடினேன். 3,450 ரூபாய்ச் சேலை ஒன்று மாலை 6.40-க்குப் பையில் போனதாக அதில் பென்சிலில் எழுதியிருக்கிறது. கணினியோ அந்தப் பில் இரவு 9.25-க்கு ரத்தாகிச் சேலை ஸ்டாக்கில் இருப்பதாகச் சொல்கிறது. இதுபோல 22 இருந்தன. ஸ்டாக் எண்ணுவது ஆண்டுக்கு ஒருமுறை என்பதால், குறைவு தெரியும்போது அதைத் திருட்டு, டேமேஜ் என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் ரத்தான ஆவணங்களின் எண்ணிக்கையை மாதாமாதம் தாக்கல் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள், ஏன் இத்தனை என்று கேட்க ஆளில்லை.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. எந்த கவுண்டரிலும் மூன்று மாதமாக ஒரு ரூபாய்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தீபாவளி நெரிசலில் சில்லறை கொடுக்கும் மனிதர்களுக்கு இது சாத்தியமா? ஒரு நாள் இரவு நின்று பார்த்தேன். திரையில் மொத்தத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேஷியர் நோட்டு விவரத் தாளை நிரப்புகிறார். 500, 200, 100 வரிசைகளை எண்ணி எழுதி, கடைசியில் நாணய வரிசையைக் கணக்குக்கு ஏற்றபடி இட்டுக்கொள்கிறார். மொத்தத்தை மறைத்து எண்ணச் சொன்னால்தான் உண்மையான வித்தியாசம் வெளியே வரும்.

முதலாளியிடம் சொன்னபோது, ஹெட் கேஷியரைப் பற்றி, “பதினெட்டு வருஷமா இருக்கிற ஆளு, என் தம்பி மாதிரி” என்றார். அந்த மனிதர் எடுத்தார் என்று நான் சொல்லவில்லை. பாஸ்வேர்டு நான்கு பேருக்குத் தெரிந்திருக்கிறது, ஆகவே யார் செய்தது என்று கணினிப் பதிவை வைத்து நிரூபிக்கவே முடியாது. அவர் நிரபராதி என்றால் அதையும் நிரூபிக்க முடியாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ரத்து அதிகாரத்தைப் பணம் தொடாத மாடி மேலாளருக்கு மாற்றி, ஆளுக்கொரு பாஸ்வேர்டு தர வேண்டும். பணம் வாங்கி முடித்த பில்லை ரத்தே செய்யாமல், துணி திரும்பி வந்து ஸ்டாக் பொறுப்பாளர் கையெழுத்திட்ட பிறகு கிரெடிட் நோட்டு போட வேண்டும். வங்கிச் சரிபார்ப்பு கணக்குப் பிரிவுக்குப் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். மேலாளரும் கேஷியரும் கைகோத்தால் இதுவும் நிற்காது. அதற்காக, ரத்துப் பட்டியலை டெலிவரி நோட்டோடு வாரம் ஒருமுறை முதலாளியே ஒப்பிட வேண்டும் என்று சேர்த்தேன். அவர் செய்வாரா என்பது வேறு விஷயம்.

அறிக்கையில் அந்த 22 பில்களை எண் வாரியாக இணைப்பதா, அல்லது குறைபாட்டை மட்டும் சொல்லி விசாரணையை முதலாளியிடமே விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இணைத்தால் அந்த ஆளின் வேலை மறுநாளே போய்விடும். விட்டால் அலமாரியில் தூங்கும். உன் மதுரை வாடிக்கையாளர் கடையில் இப்படி வந்தபோது நீ எந்த வாசகத்தைப் போட்டாய் என்று எழுது. வெள்ளிக்கிழமைக்குள் வந்தால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்