சட்டிக் கணக்கில் எம்20 கிடைக்காது: எங்கள் வட்டார மேஸ்திரிகளுக்கும் சிறு கட்டட ஒப்பந்ததாரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேஸ்திரிகளுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

இந்த வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தளப் பொறியாளராக உங்களுடன் வேலை பார்க்கிறவன் நான். தொழிலின் பாதியை உங்களில் மூத்தவர்களிடம்தான் கற்றுக்கொண்டேன். அந்த உரிமையில், வீட்டு வேலைகளில் காங்கிரீட்டுக்குச் சிமெண்டும் மணலும் ஜல்லியும் அளக்கும் முறை பற்றி எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு வீட்டின் முன்மண்டப உத்தரத்தில் பலகை பிரித்த அன்று நான் அங்கே நின்றிருந்தேன். உத்தரத்தின் அடியில், தூணோடு சேரும் இடத்தில், ஒரு முழ நீளத்துக்கு ஜல்லி பல்லைக் காட்டிக்கொண்டு தெரிந்தது. விரலால் நெம்பினால் கல் கையோடு வந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. மேஸ்திரி நேர்மையானவர். மூட்டைக்கு ஒன்றரை மடங்கு மணல், மூன்று மடங்கு ஜல்லி என்று எண்ணித்தான் போட்டிருந்தார். எண்ணிக்கையில் தவறில்லை, முதல் நாள் இரவுத் தூறலில் நனைந்த மணலை அப்படியே அளந்ததுதான் தவறு.

ஈர மணல் உப்பும். நூறில் ஐந்து பங்கு ஈரம் இருந்தாலே, அது பொடிகளுக்கு நடுவே மெல்லிய படலமாக நின்று ஒன்றையொன்று நெருங்க விடாமல் தள்ளிப் பிடிப்பதால், மணலின் கொள்ளளவு கால் பங்கு வரை கூடிவிடுகிறது. முழுக்க நீரில் மூழ்கினாலோ, படலம் உடைந்து பழைய அளவுக்கே படிந்துவிடும். ஆற்று மணலுக்கு மட்டுமல்ல, கழுவி ஈரத்தோடு லாரியில் வரும் எம் சாண்டுக்கும் இது பொருந்தும். கால் பங்கு உப்பிய மணலைப் பெட்டியில் அளந்தால், ஐந்து பெட்டி போட்டதாக நினைக்கும் இடத்தில் நான்கு பெட்டி மணல்தான் கலவைக்குள் போகிறது. ஜல்லியின் இடுக்குகளை நிரப்பப் போதிய சாந்து இல்லாமல் கலவை முரடாகி, வைப்ரேட்டருக்கு எளிதில் அசையாமல், கம்பி நெருக்கமான மூலைகளில் பொந்து விழுகிறது. அந்த உத்தரத்தில் நடந்தது இதுதான்.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். நேர்ச்சுவருள்ள கண்ணாடிக் குடுவை ஒன்றில் தளத்து மணலைத் தளர்வாக 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்பி மட்டம் தட்டுங்கள். மணலை வெளியே கொட்டிவிட்டு, குடுவையில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அதே மணலைச் சிறிது சிறிதாகக் கிளறியபடி திரும்பப் போடுங்கள். படிந்த மணல் 16 செ.மீ. நின்றால், உப்பல் நான்கில் ஒன்று, அதாவது 25 சதவீதம். காங்கிரீட் போடும் நாளில் காலையிலும், இடையில் புது லோடு இறங்கினால் அப்போதும், இதைச் செய்தால் போதும்.

அடுத்தது சட்டி. உங்களுக்குக் கோபம் வரலாம் என்று தெரிந்தே சொல்கிறேன்: இரும்புச் சட்டி சுமப்பதற்கான பாத்திரம், அளப்பதற்கானது அல்ல. ஒரு தளத்தில் சித்தாள்கள் அள்ளிவந்த மணலை நான் பெட்டியில் கொட்டிப் பார்த்தேன். காலையில் மூன்று சட்டிக்கு நிரம்பிய பெட்டி, மதியத்துக்கு மேல் நாலு சட்டி கேட்டது. வெயிலில் சுமக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் அளவைக் கொடுத்தது நாம்தான். போதாததற்கு, ஈர மணல் சட்டியில் கும்பமாக நிற்கும், ஜல்லியோ உருண்டு விழும். ஒரே சட்டியில் அள்ளினாலும் இரண்டும் ஒரே அளவாக வராது.

சிமெண்ட் மூட்டை 50 கிலோ. கொள்ளளவில் ஏறத்தாழ 35 லிட்டர். உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 அகலம், 25 உயரம் என்று பலகையில் ஒரு பெட்டி அடித்தால் சரியாக 35 லிட்டர் கொள்ளும். எம்20-க்கு, அதாவது 1:1½:3-க்கு, ஒரு மூட்டைக்கு முக்கால் அங்குல ஜல்லி மூன்று பெட்டி, உலர்ந்த மணல் ஒன்றரைப் பெட்டி. அந்த ஒன்றரை, 25 சதவீதம் உப்பிய மணலானால், இரண்டு பெட்டிக்குச் சற்றுக் குறைவாக ஆகிவிடும்: ஏறத்தாழ 66 லிட்டர். எடை போட்டுப் பார்த்தால், உலர்ந்த மணல் சுமார் 84 கிலோ, ஜல்லி சுமார் 157 கிலோ, இரண்டும் சேர்ந்து 241 கிலோ. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, எம்20-க்கு மூட்டைக்கு 250 கிலோ என்று எல்லை வைத்திருக்கிறது, அதற்குள் அடங்குகிறோம்.

இனித் தண்ணீர். கம்பி போட்ட காங்கிரீட் மழை வெயில் நேரடியாகப் படாத இடத்தில் இருந்தாலும், சிமெண்ட் எடையில் 0.55 பங்குக்கு மேல் தண்ணீர் கூடாது, மூட்டைக்கு 27.5 லிட்டர். நாம் போட்ட மணலில் 5 சதவீத ஈரம் என்றால் நாலு லிட்டர் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டது. ஆகவே மிக்ஸரில் ஊற்ற வேண்டியது 23 லிட்டருக்குச் சற்று மேல்தான். ரப்பர் குழாயை மிக்ஸருக்குள் விட்டுக் கண்மதிப்பில் நிறுத்துகிறபோது 35 லிட்டர் போவதை நான் வாளியில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். எம்15-க்கே அந்தத் தரநிலை தரும் உச்சம் 32 லிட்டர். பிறகு விகிதத்தை என்னவென்று சொன்னாலும் அது எம்20 ஆகாது. சென்ட்ரிங் இடுக்கில் சிமெண்ட் பால் வடிவதும், தளத்தின் மேல் தண்ணீர் தேங்கி நிற்பதும் இதற்கு நேர் அடையாளங்கள். கலவை இறுக்கமாக இருக்கிறது, கம்பிக்குள் இறங்கவில்லை என்றால், தண்ணீரைக் கூட்டாமல் பிளாஸ்டிசைசர் சேருங்கள்.

சிமெண்ட் செலவைப் பற்றியும் ஒளிக்காமல் பேசுவோம். 30 அடிக்கு 25 அடி, ஐந்து அங்குல கனத்தில் ஒரு கூரைத் தளம் என்றால் காங்கிரீட் சுமார் 8.85 கன மீட்டர். 1:1½:3-ல் சுமார் 70 மூட்டை. 1:2:4-ல் சுமார் 55. அந்த 15 மூட்டைதான் எம்20-க்கும் எம்15-க்கும் உள்ள இடைவெளி. 2000-ஆம் ஆண்டுத் தரநிலைப்படி, கம்பி போட்ட எந்த வேலைக்கும் எம்20-க்குக் கீழே இடமில்லை. 1:2:4-ஐக் கம்பியில்லாத வேலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; அஸ்திவாரக் குழியின் அடிப்படுகைக்கு 1:4:8 போதும்.

அஸ்திவாரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "மண்ணுக்குள் போவதுதானே" என்று அங்கே கலவையைத் தளர்த்துகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தரநிலை சொல்வது இதற்கு நேர் எதிர்: உப்பு, சல்பேட் இல்லாத சாதாரண மண்ணில் புதையும் கம்பி போட்ட காங்கிரீட்டே எம்25 ஆக இருக்க வேண்டும். அதோடு, விகிதத்தை மட்டும் நம்பிப் போடும் முறையை எம்20 வரைதான் அது அனுமதிக்கிறது. 1:1:2 போட்டால் எம்25 என்று நாம் பேசிக்கொள்கிறோமே, அது அந்த அட்டவணையில் இல்லை. எம்25-க்கு, உங்கள் தளத்து மணலையும் ஜல்லியையும் சிமெண்டையும் ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்து, மிக்ஸ் டிசைன் போட்டு வாங்குங்கள். அவர்கள் கிலோக் கணக்கில் தருவார்கள். தளத்தில் ஒரு பெட்டி மணலையும் ஒரு பெட்டி ஜல்லியையும் எடை போட்டு, அந்தக் கிலோவைப் பெட்டியாக மாற்றிக்கொள்ளலாம். சிறிய வேலைக்கு இது வீண் அலைச்சல் என்று தோன்றினால், புட்டிங் மட்டுமாவது ரெடிமிக்ஸில் போடலாம்.

ஆகவே நான் உங்களிடம் வேண்டுவது இதுதான்: வீட்டுக்காரரோடு எழுதும் ஒப்பந்தத்தில் "1:1½:3" என்று மட்டும் எழுதாமல், பெட்டியால் அளப்பது, மணல் உப்பலைத் திருத்துவது, மூட்டைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர் என்பது ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள். கூரைத் தளம் போடும் நாளில் மூன்று க்யூப் எடுத்து வையுங்கள். சோதனைக் கட்டணத்தை வீட்டுக்காரர் தர வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிவிடலாம். அதற்கு நானே அவர்களிடம் பேசுகிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு என் பெட்டியையும் குடுவையையும் கொண்டுவருகிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் தளத்து மணலில் ஒரு பை, ஈரம் காயாமல் கட்டி எடுத்துவாருங்கள். அங்கேயே உப்பல் பார்த்து, யாருடைய மணலுக்கு எத்தனை பெட்டி என்று எழுதிக்கொண்டு போகலாம்.

இப்படிக்கு,
உங்களுடன் வேலை பார்க்கும் தளப் பொறியாளன்