மாஸ்டர் மேடையில் வாசித்த தாள்

அன்புள்ள கண்ணு,

இதை உன்னிடம் போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனைக் கையில் எடுத்தேன். பேச ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும், நீ அங்கே புனேயில் என்னமோ ஏதோ என்று பதறுவாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

ஞாயிற்றுக்கிழமை வில்வித்தை கிளப்பின் ஆண்டுப் போட்டி. வழக்கம்போல ஸ்கோர் எழுத என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், மூன்றாவது டார்கெட் எனக்கு. காலையில் கோத்தகிரி முழுக்க மூடுபனி. கோட்டில் நின்று பார்த்தால் 30 மீட்டரில் மஞ்சள் வட்டமே தெரியவில்லை. ஒன்பதரை வரைக்கும் ஒரு அம்புகூட விட மாஸ்டர் அனுமதிக்கவில்லை. பிள்ளைகள் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார்கள். அப்புறம் வெயில் வந்தது, போட்டி நல்லபடியாக நடந்து முடிந்தது.

நான் சொல்ல வந்தது பரிசளிப்பு விழாவைப் பற்றி. மாஸ்டரின் உரை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நிலம் கொடுத்த எஸ்டேட்டுக்கு நன்றி, டீ கொடுத்தவர்களுக்கு நன்றி, ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த வருஷம் ஒரு துணிப்பையோடு மேடை ஏறினார். பையிலிருந்து, வில்லின் கைப்பிடிக்கு மேலும் கீழும் மாட்டுகிற இரண்டு லிம்ப்களையும் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். லிம்ப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நுனிப் பக்கம் நீ ஒட்டிய நீல நட்சத்திரம் இன்னும் பாதி இருக்கிறது.

கீழ் லிம்ப்பில் அச்சடித்திருந்ததை மைக்கில் படித்தார். 68 அங்குலம், 34 பவுண்டு. "இந்த வில்லை 13 வயசுப் பெண் ஒருத்தி கையில் நான்தான் கொடுத்தேன். அவள் பெயரைச் சொல்ல அவளிடம் அனுமதி கேட்கவில்லை, அதனால் சொல்லமாட்டேன்" என்றார். நான் உட்கார்ந்திருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அன்றைக்கு அவர் போட்ட கணக்கை அப்படியே விளக்கினார். லிம்ப்பில் எழுதியிருக்கும் பவுண்டு, வில்லை 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. ஒரு அங்குலம் குறைவாக இழுத்தால் சுமார் 2 பவுண்டு குறையும். உன் இழுப்பு அப்போது 25 அங்குலம். அப்படியென்றால் 34 என்று எழுதியிருந்தாலும் உன் விரலுக்கு வருவது 28தான். அதுவே உனக்குக் கொஞ்சம் அதிகம் என்று அவருக்குத் தெரியும். ஆனால் கேடட் பிரிவுக்குப் போனால் 60 மீட்டர் அடிக்க வேண்டும், லேசான வில்லில் அம்பு அவ்வளவு தூரம் போக, குறி பார்க்கும் சைட்டை இறக்கிக்கொண்டே போக வேண்டும், கடைசியில் சைட் அம்பு போகும் வழியிலேயே வந்து நிற்கும். சீக்கிரம் பழகட்டும் என்று கொடுத்துவிட்டாராம்.

"அவள் வளருவாள் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை" என்றார்.

கண்ணு, இத்தனை வருஷம் ஸ்கோர் எழுதுகிறேன், இது எனக்கு உறைத்ததே இல்லை. எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் நீ எவ்வளவு உயர்ந்தாய், யூனிபார்ம் கையை எத்தனை முறை பிரித்து விட்டேன். கை நீளும்போது இழுப்பும் நீளும். 25 அங்குலம் 27 ஆனது. வில்லை யாரும் மாற்றவில்லை, அதே வில், அதே லிம்ப். ஆனால் 28 பவுண்டு 32 ஆகிவிட்டது. நீ ஒவ்வொரு மாதமும் இன்னும் கனமான வில்லை இழுத்துக்கொண்டிருந்தாய், உனக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கிளப்பில் வில் தராசு இருந்தது. வில் வாங்கிய அன்று மாட்டி எடை பார்த்ததோடு சரி, மறுபடி அதை யாரும் தொடவில்லை. சாயங்காலம் 120 அம்பு விடுவாய். அம்புக்கு 4 பவுண்டு கூடுதல் என்றால் 480 பவுண்டு. "ஒரு நாளைக்கு 200 கிலோவுக்கு மேல், அந்தச் சின்னத் தோளில், நாங்கள் யாரும் கவனிக்காமல் ஏற்றியது" என்று மாஸ்டர் சொன்னபோது கூட்டத்தில் சத்தமே இல்லை.

அப்புறம் அந்தத் தாளை எடுத்தார். உன்னுடைய கடைசிப் போட்டியின் ஸ்கோர் ஷீட். என் கையெழுத்து. ஆறு அம்பு கொண்ட ஒவ்வொரு எண்டின் கூட்டுத்தொகையையும் வரிசையாக வாசித்தார். 49, 47, 46, 41, 38, 36. மொத்தம் 257. முதல் மூன்று எண்டில் 142, அடுத்த மூன்றில் 115.

"இதைப் பார்த்துவிட்டு நான் அவளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? பாதிக்கு மேல் உன் கவனம் சிதறுகிறது என்றேன்."

நானும் அதைத்தான் சொன்னேன், வண்டியில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாய். கவனம் சிதறினால் அம்பு எங்கே வேண்டுமானாலும் போகும், ஒரு எண்டு கெட்டுப்போனாலும் அடுத்தது தேறும். இப்படிப் படிப்படியாக இறங்கிக்கொண்டே வந்தால் அது உடம்பு களைத்துப்போவது. அந்த ஆறு எண்ணும் நானே எழுதியது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒரு எண்டுக்குள்ளே என்ன நடந்தது என்பதை அந்தத் தாள் காட்டவும் காட்டாது. 9, 9, 8, 6, 3, 3 என்று பெரிய எண்ணிலிருந்துதானே இறங்குவரிசையில் எழுதுகிறோம்? எந்த அம்பை முதலில் விட்டாய், எதைக் கடைசியில் விட்டாய் என்பது அதில் இருக்காது. அதற்கு அம்பில் போட்டிருக்கும் நம்பரைப் பார்க்க வேண்டும். இப்போது கிளப்பில் பயிற்சி நாட்களில் அம்பு நம்பரோடுதான் எழுதச் சொல்கிறார். கடைசியில் விடுகிற ஐந்தாம், ஆறாம் நம்பர் அம்புகள் எப்போதும் கீழே கிடந்தால் அந்தப் பிள்ளையின் வில்லை உடனே தராசில் மாட்டுகிறார்கள்.

உடம்பில் தெரிந்த அடையாளங்களையும் சொன்னார். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல நான் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுக்கும்போது வில்லை டார்கெட்டுக்கு மேலே தூக்கி, அங்கிருந்து இறக்கிக்கொண்டே இழுப்பாய். இடுப்பு பின்னால் சாயும். வில் பிடித்த தோள் காதுவரை ஏறும். நாண் தாடையைத் தொட்டதும் நிற்க முடியாமல் விட்டுவிடுவாய், இல்லாவிட்டால் முழுதாக இழுத்ததும் 'க்ளிக்' என்கிற கிளிக்கரின் சத்தம் வருவதற்குள் அம்பு முன்னால் நகர்ந்துவிடும். அப்பா அதையெல்லாம் வீடியோ எடுத்து "ஸ்டைலாக இருக்கிறது" என்று சித்தப்பாவுக்கு அனுப்பினார், ஞாபகம் இருக்கிறதா?

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். காலையில் ஜடை பின்ன வலது கை தோளுக்கு மேலே வராமல் சீப்பை என்னிடம் நீட்டினாய். பரீட்சை பயம், சோம்பல் என்று நினைத்து மூன்று வாரம் ஜடை போட்டுவிட்டேன். கோயம்புத்தூர் டாக்டர் கையைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, பாதியில் நீ முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு, தோளுக்குள் தசைநார் எலும்பில் உரசி வீங்கியிருக்கிறது என்றார். அந்தச் சீப்பு இன்னும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, நான் எடுத்துப் போடவில்லை.

மாஸ்டர் மன்னிப்பு கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. "தவறு என்னுடையது, அவள் வில்லை விட்டதற்கு நான்தான் காரணம்" என்று இரண்டே வாக்கியம். உடனே, இனி என்ன செய்வது என்பதற்குப் போய்விட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையின் இழுப்பையும் அளந்து, அந்த நீளத்தில் வில்லை எடை பார்த்து, தேதியோடு லிம்ப்பில் பேப்பர் டேப் ஒட்டி எழுத வேண்டும். அச்சடித்த எண்ணை யாரும் நம்பக்கூடாது. பவுண்டு ஏற்ற வேண்டுமென்றால் 2 பவுண்டுக்கு மேல் ஒரே தடவையில் இல்லை, அதையும் முடிந்தவரை லிம்ப் போல்ட்டை முறுக்கியே ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை. பயிற்சியின் தொடக்கத்தில் வைத்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள் என்பதால் முடிவில், களைத்திருக்கும்போது வைக்கிறார். பக்கத்திலேயே இருக்கும், அம்பு தைக்கிற வைக்கோல் பலகைக்கு நேராக, நாணில் அம்பு பூட்டி, முழுதாக இழுத்து 30 விநாடி நிற்க வேண்டும். ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி. இப்படி ஐந்து தடவை. அம்பில்லாமல் இழுக்க விடமாட்டார், கை நழுவினால் லிம்ப் வெடித்துவிடும். ஐந்தாவது தடவையில் தோள் ஏறினால் பழைய பவுண்டே தொடரும்.

பெற்றோர்களுக்கு இது பிடிக்கவில்லை. பக்கத்து ஊர் கிளப்பில் பன்னிரண்டு வயசுப் பிள்ளை 50 மீட்டர் அடிக்கிறான், நம் பிள்ளை இன்னும் 30லேயே நிற்கிறது என்று ஒருவர் எழுந்தே கேட்டுவிட்டார். மாஸ்டர் கோபப்படவில்லை. அன்றைக்கு என் டார்கெட்டில் அடித்த சிறுமியின் ஷீட்டை வாங்கி வாசித்தார். 20 பவுண்டு வில், 30 மீட்டர். 45, 47, 46, 46, 44, 47. "கடைசி எண்டில் 47. இவளுக்கு இன்னும் ஆறு எண்டு கொடுத்தாலும் அடிப்பாள்" என்றார். அவளுக்கு இரண்டாமிடம்தான். முதலிடம் வாங்கிய பையன் இவளைவிட நான்கு புள்ளி அதிகம், அவனுக்கும் 24 பவுண்டுதான்.

விழா முடிந்து வர்க்கியும் டீயும் கொடுத்தார்கள். மாஸ்டர் என்னிடம் வந்தார், கை நடுங்கியது. "அம்மா, அவளுக்கு இப்போது கை மேலே வருகிறதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தலையை நீ குட்டையாக வெட்டிக்கொண்டு பத்து வருஷம் ஆகிறது, நான் எப்படிப் பார்ப்பது? அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அந்தத் தாளைப் பன்னிரண்டு வருஷம் உறையில் போட்டு வைத்திருந்த மனிதரிடம் என்ன சண்டை போடுவது? என் பங்கும் அதில் இருக்கிறது. கேட்காமல் திட்டினேன். என்னை மன்னித்துவிடு கண்ணு.

மே மாதம் வரும்போது நீ விரும்பினால் மட்டும் கிளப்புக்கு வரச் சொல்கிறார். 18 பவுண்டு லிம்ப் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாராம். வில் அமைக்க உன் இழுப்பு தெரிய வேண்டும். சுவரில் முதுகை ஒட்டி நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக விரித்து, ஒரு நடுவிரல் நுனியிலிருந்து மறு நடுவிரல் நுனிவரை அறைத்தோழியை அளக்கச் சொல். அந்த அங்குலத்தை இரண்டரையால் வகுத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். வில் வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, அளந்து மட்டும் அனுப்பு. கையை விரிக்கும்போது வலது தோள் எங்கேயாவது பிடிக்கிறதா, எந்த உயரத்தில் பிடிக்கிறது என்பதையும் மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா